துறைத் தலைவரின் தொடக்க உரை: மருத்துவப் பள்ளி மனநல வாரத்துக்கு அதை எப்படித் தயாரிப்பது

சிங்கப்பூரில் மருத்துவர் பட்டம் தரும் பள்ளிகள் மூன்று: தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் லூ லின், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான், டியூக்-என்யுஎஸ். இத்தகைய பள்ளி ஒன்றில், உலக மனநல நாளான அக்டோபர் 10ஐ ஒட்டியோ தேர்வுக்கு முந்திய பருவத்திலோ மனநல விழிப்புணர்வு வாரம் வைத்தால், அதைத் தொடங்கிவைத்துப் பேசும்படி ஒரு துறைத் தலைவரைக் கேட்பார்கள். புதிதாக அந்தப் பொறுப்புக்கு வந்தவர்கள், அவருக்காக உரையை எழுதிக்கொடுக்கும் அலுவலர்கள், நிகழ்ச்சியை நடத்தும் மாணவர் குழுவினர் ஆகியோருக்கானது இந்தக் கட்டுரை. மேடையில் உரை ஆங்கிலத்தில்தான் இருக்கும். மாதிரி வரிகளை இங்கே தமிழில் தருகிறோம். பொருள் மாறாமல் உங்கள் பேச்சு நடைக்குக் கொண்டுபோங்கள்.

முதலில், இந்த உரை எதற்காக என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் மனச்சோர்வின் அறிகுறிகளைப் பாடமாகப் படித்தவர்கள், அல்லது அடுத்த ஆண்டு படிக்கப்போகிறவர்கள். மனநோய் என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த வாரத்தின் மற்ற அமர்வுகளில் மனநல மருத்துவர்கள் அதைச் செய்வார்கள். மாணவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஒரு மாணவர் உதவி கேட்டுப் போனால் மறுநாள் அவருக்கு என்ன ஆகும்? போஸ்டிங் மதிப்பீட்டில் கையெழுத்திடுபவர் துறைத் தலைவர். வருகைப் பதிவைப் பார்ப்பவரும், பின்னாளில் பரிந்துரைக் கடிதம் எழுதக்கூடியவரும் அவரே. ஆகவே அந்தக் கேள்விக்கு அவர் வாயிலிருந்து வரும் விடைக்குத் தனி எடை உண்டு. உரையின் நடுப்பகுதி முழுவதும் அந்த விடைக்கே ஒதுக்கப்பட வேண்டும்.

எழுத உட்காரும் முன் கேட்க வேண்டியவை

விடை உங்கள் கையில் இல்லாமல் உரை எழுத முடியாது. நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் முன்பே மூன்று கேள்விகளை அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

முதல் கேள்வி பல்கலைக்கழக ஆலோசனைச் சேவையின் பொறுப்பாளருக்கு: மாணவர் வந்து பேசிய குறிப்புகளை யார் யார் பார்க்கலாம்? மருத்துவப் பள்ளிக்கு அதில் ஏதாவது தெரியவருமா? எந்தச் சூழலில் ரகசியம் காக்கப்படாது? மூன்றாவதற்கான பதிலை விட்டுவிடாதீர்கள். தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ உடனடி ஆபத்து இருந்தால் ஆலோசகர் பிறரிடம் சொல்லியாக வேண்டும். அந்த வரம்பைச் சொல்லாமல் "நீங்கள் பேசுவது முழு ரகசியம்" என்று மேடையில் உறுதி தந்தால், அது முதல் நெருக்கடியிலேயே பொய்யாகிப்போகும். அதன் பிறகு எந்த மாணவரும் அந்த உறுதியை நம்ப மாட்டார்.

இங்கே பலர் குழப்பிக்கொள்வது ஒன்று உண்டு. பல்கலைக்கழக ஆலோசகரிடம் பேசுவது ஒரு வழி. பலதுறை மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ மருத்துவரைப் பார்ப்பது இன்னொரு வழி. பள்ளி நியமித்த வழிகாட்டி ஆசிரியரிடம் மனம்விட்டுப் பேசுவது மூன்றாவது. இவற்றுக்கான ரகசிய விதிகள் ஒன்றுபோல இருப்பதில்லை. வழிகாட்டி ஆசிரியர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவரே தேர்வுக் குழுவிலும் உட்காரக்கூடியவர். உரையில் மூன்றையும் ஒரே மூச்சில் "எங்களிடம் வாருங்கள்" என்று சேர்த்துவிடாமல், எது எப்படிப்பட்டது என்று பிரித்துச் சொல்லுங்கள்.

மருத்துவ மாணவர்களுக்கே உரிய இன்னொரு தயக்கமும் இதில் அடங்கும். தான் பயிலும் மருத்துவமனையிலேயே நோயாளியாகப் பதிந்தால், காத்திருக்கும் இடத்தில் சக மாணவர் பார்ப்பார். பதிவு முகப்பில் இருப்பவருக்கு முகம் தெரியும். மின்னணுக் குறிப்பை யாராவது திறந்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. சிகிச்சையில் தொடர்பில்லாதவர் ஒருவருடைய குறிப்பைத் திறப்பது விதிமீறல். யார் எப்போது திறந்தார் என்ற தடமும் பதிவாகும். இது உண்மை என்றாலும் பயத்தை முழுதாகப் போக்காது. நடைமுறைத் தீர்வு எளிது: நம் பொது மருத்துவமனைகள் மூன்று குழுமங்களின்கீழ் இயங்குகின்றன; ஒரு குழுமத்தில் பயிலும் மாணவரை இன்னொரு குழுமத்தின் மருத்துவரிடம் அனுப்ப ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால் அதை உரையில் சொல்லுங்கள்.

மூன்றாவதாக நாம் வைத்த கேள்வியை இப்போதே முடித்துவிடலாம், ஏனென்றால் அது சிறியது. அது டீன் அலுவலகத்துக்கு: சிகிச்சைக்காக ஒரு பருவம் விடுப்பு எடுத்தால் படிப்பு, கல்விக் கட்டண மானியத்துக்கான பாண்ட், சிங்கப்பூர் மருத்துவ மன்றப் பதிவு ஆகியவை என்ன ஆகும்? மானியம் பெற்ற மாணவர் பட்டம் பெற்றபின் சில ஆண்டுகள் பணியாற்றக் கடமைப்பட்டவர் என்பதால் இந்தக் கவலை எல்லாருக்கும் உண்டு. மருத்துவ மன்றத்தின் அக்கறை ஒருவர் பாதுகாப்பாகத் தொழில் செய்யும் தகுதியோடு இருக்கிறாரா என்பதில் இருக்கிறது. சிகிச்சை பெற்றுக்கொண்டிருப்பதும் தகுதி இழப்பதும் ஒன்றல்ல. ஆனால் துறைத் தலைவர் சட்ட ஆலோசகர் அல்லர். டீன் அலுவலகம் எழுத்தில் தரும் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் அவர் மேடையில் ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது. பதில் வராவிட்டால் அந்தப் பகுதியை உரையிலிருந்து எடுத்துவிட்டு, யாரைக் கேட்கலாம் என்பதை மட்டும் சொன்னால் போதும்.

வருகைப் பதிவுக் கணக்கு

இரண்டாவது கேள்வியை நீங்கள் உங்கள் துறையிடமே கேட்க வேண்டும்: வேலை நேரத்தில் ஆலோசனைக்குப் போகும் மாணவரை வருகைப் பதிவில் என்னவென்று குறிக்கிறோம்?

இது அலுவலக விவகாரம் போலத் தோன்றும். உண்மையில் உரை வேலை செய்யுமா செய்யாதா என்பதை முடிவுசெய்வது இதுதான். ஒரு எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் துறையில் போஸ்டிங் 4 வாரம், அதாவது 20 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். தேர்ச்சிக்கு 90 விழுக்காடு வருகை வேண்டும் என்றால், 2 நாள் மட்டுமே விடுபடலாம். பேச்சுவழிச் சிகிச்சை பொதுவாக வாரம் ஒருமுறை நடக்கும், பல வாரங்கள் தொடரும். வார்டிலிருந்து கிளம்பி, அமர்வை முடித்து, திரும்பி வர அரை நாள் பிடிக்கும். நான்கு வாரத்துக்கு நான்கு அரை நாள், மொத்தம் 2 நாள். சிகிச்சையை ஒழுங்காகத் தொடரும் மாணவருக்கு, ஒரு நாள் காய்ச்சலுக்குக்கூட இடம் மிஞ்சாது. கணக்கு தெரிந்த மாணவர் முதல் அமர்வுக்கே போகமாட்டார், அல்லது இரண்டாவது வாரத்தோடு நிறுத்திவிடுவார். அவருக்கு மனநலம் பற்றிய அறிவோ துணிவோ குறைவு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

இதை மாற்றத் துறைத் தலைவருக்குப் பெரும்பாலும் அதிகாரம் உண்டு. மருத்துவ நியமனத்துக்காக வாரம் அரை நாள் வரை போவதை வராத நாளாகக் கணக்கிடாமல் விடலாம். அல்லது விட்ட நேரத்தை ஒரு மாலை நேர வார்டு கற்பித்தலில் ஈடுசெய்யச் சொல்லலாம். இரண்டில் முதலாவதே மேல் என்பது எங்கள் கருத்து; ஈடுசெய்யும் வேலை, ஏற்கெனவே களைத்திருப்பவர் தலையில் இன்னொரு சுமையாக விழும். எதைத் தேர்ந்தாலும் பதிவேட்டில் "மருத்துவ நியமனம்" என்று பொதுவாக மட்டும் குறியுங்கள். பல் மருத்துவரிடம் போகிறவருக்கும் அதே குறிப்புதான் என்றால், யார் எங்கே போகிறார் என்று எவரும் ஊகிக்க முடியாது.

எம்சி பற்றியும் ஒரு சொல். சிங்கப்பூரில் மருத்துவச் சான்றிதழில் நோயின் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. ஆனால் தாளின் தலைப்பில் மருந்தகத்தின் பெயர் இருக்கும். அந்தப் பெயரே போதுமான தகவலாகிவிடும் என்று மாணவர் அஞ்சுகிறார். எம்சிகளை வார்டு மேற்பார்வையாளரிடம் கொடுக்காமல் நேரே நிர்வாக அலுவலகத்தில் ஒருவரிடம் மட்டும் கொடுக்கும்படி மாற்றினால் இந்த அச்சம் பெரும்பாலும் தீரும். செலவில்லாத மாற்றம், ஒரே நாளில் செய்துவிடலாம்.

ஏழு நிமிட உரை

ஏழு நிமிடம் போதும். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 120 முதல் 130 சொற்கள் போகும். ஆக 850 சொற்களுக்குமேல் எழுதாதீர்கள். விருந்தினர் பெயர்களை வாசித்து வரவேற்கும் வேலையை நெறியாளரிடம் விட்டுவிடுங்கள். அதில் இரண்டு நிமிடம் போய்விட்டால், குறைபடுவது நடுப்பகுதியாகத்தான் இருக்கும்.

முதல் நிமிடத்தில், தாம் யார் என்ற நிலையிலிருந்து பேச வேண்டும். இப்படி:

"இந்தத் துறையின் போஸ்டிங் மதிப்பீடுகளில் கையெழுத்துப் போடுபவன் நான். உங்களில் பலர் என்னிடம் உடல்நிலை பற்றி எதையும் சொல்லத் தயங்குவதற்கு அதுவே காரணம் என்று எனக்குத் தெரியும். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆகவே என்னிடம் வந்து சொல்லுங்கள் என்று கேட்க நான் இங்கே வரவில்லை. யாரிடம் போகலாம், போனால் என் துறையில் உங்களுக்கு என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வந்திருக்கிறேன்."

"என் கதவு எப்போதும் திறந்திருக்கும்" என்ற வாக்கியத்தை எழுதிக்கொடுப்பவர்கள் அனேகமாகத் தவறாமல் சேர்ப்பார்கள். எடுத்துவிடுங்கள். மதிப்பெண் போடுபவரின் கதவை மனச்சோர்வில் இருக்கும் மாணவர் தட்டமாட்டார். தட்டினாலும், மாணவரின் நோய் விவரமும் அவருடைய தேர்வு முடிவும் ஒரே ஆளின் கையில் சேர்ந்துவிடும். மதிப்பீட்டில் பங்கில்லாத ஒருவரைப் பெயர் சொல்லி, முடிந்தால் மண்டபத்தில் எழுந்து நிற்கவைத்து அறிமுகப்படுத்துவதே சரி.

அதே பகுதியில் தவிர்க்க வேண்டிய இன்னொன்று, "நாங்களும் இதையெல்லாம் தாண்டி வந்தவர்கள்தாம்" என்ற ஆறுதல். கேட்கிறவருக்கு அது, தாண்டமுடியாதவர் இந்தத் தொழிலுக்கு லாயக்கற்றவர் என்றுதான் ஒலிக்கும். தலைவர் தம் சொந்த அனுபவத்தைச் சொல்ல விரும்பினால் சொல்லலாம். அது பழைய விஷயமாக, நான்கு வாக்கியத்துக்குள், எந்த உதவியை நாடினார், அது எப்படிப் பயன்பட்டது என்பதை மையமாகக் கொண்டிருக்க வேண்டும். ஆறாத காயம் என்றால் மேடைக்குக் கொண்டுவர வேண்டாம். யாரும் அவரை அதற்கு வற்புறுத்தவும் கூடாது.

அடுத்த ஒன்றரை நிமிடத்தில் ஒரே ஓர் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவ மாணவர்களைப் பற்றி 2016இல் ஜாமா இதழில் வந்த தொகுப்பாய்வு இதற்குப் பொருந்தும். பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் 27.2 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ தென்பட்டன. அறிகுறி தென்பட்டவர்களில் 15.7 விழுக்காட்டினரே மனநலச் சிகிச்சையை நாடினர். பேச்சாளர்கள் முதல் எண்ணைத்தான் உரக்கச் சொல்வார்கள். அதில் இரண்டு சிக்கல். அது பெரும்பாலும் மாணவர்களே நிரப்பிய வினாத்தாள்களிலிருந்து வந்தது. மருத்துவர் உறுதிசெய்த நோய்க்கணக்கு இல்லை. "நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய்" என்று சொன்னால், எதிரே உட்கார்ந்திருக்கும் மூன்றாமாண்டு மாணவரே பிழையைக் கண்டுபிடித்துவிடுவார். மண்டபத்தில் 300 பேர் இருக்கிறார்கள், அப்படியானால் இங்கே 82 பேர் என்று பெருக்கிக் காட்டுவதும் தவறு. ஆய்வுக்கு ஆய்வு, கருவிக்குக் கருவி அந்த விகிதம் பெரிதும் மாறுகிறது. இரண்டாவது சிக்கல், "எல்லாருக்கும் இருப்பதுதானே" என்ற எண்ணத்தை அது விதைத்துவிடும். 15.7 என்ற எண்ணோ கேட்பவரை ஒரு கேள்விக்கு இட்டுச்செல்கிறது: மற்றவர்கள் ஏன் போகவில்லை? அங்கிருந்து நடுப்பகுதிக்கு நேராக நுழைந்துவிடலாம்.

உள்ளூர் எண் வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டால், 2016இல் நடந்த சிங்கப்பூர் மனநல ஆய்வு இருக்கிறது. பெரியவர்களில் 7 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருந்ததாக அது காட்டியது. அது பொதுமக்களைப் பற்றியது, மாணவர்களைப் பற்றியதல்ல என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு எண்களையும் ஒரே உரையில் அடுக்க வேண்டாம்.

நடுவில் மூன்று நிமிடம். முன்பு திரட்டிய பதில்கள் இங்கேதான் வருகின்றன. மேற்சொன்ன கணக்கை வைத்து எழுதினால் இப்படி அமையும்:

"வாரம் ஒருநாள் மதியம் உங்களுக்கு நியமனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் நிர்வாக அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். காரணம் எழுத வேண்டாம். மருத்துவ நியமனம் என்று மட்டும் எழுதுங்கள். உங்கள் வார்டுக் குழுவுக்குப் போவது நீங்கள் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்ற தகவல் மட்டுமே. அந்த அரை நாள் வராத நாளாகக் கணக்கிடப்படாது. போஸ்டிங் மதிப்பீட்டுத் தாளில் அதற்கென்று எந்தக் கட்டமும் இல்லை. ஆலோசனைச் சேவையின் குறிப்புகள் எனக்கோ தேர்வுக் குழுவுக்கோ வருவதில்லை. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று ஆலோசகர் கருதினால் மட்டும் அவர் பிறருடன் பேசுவார். அதையும் முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டே செய்வார்."

ஒவ்வொரு வாக்கியமும் சரிபார்க்கக்கூடியதாக இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் பள்ளியில் எது உண்மையில்லையோ அதை அடித்துவிடுங்கள். மூன்று வாக்கியம் மட்டும் மிஞ்சினாலும் பரவாயில்லை.

பெற்றோர் விஷயத்தையும் இந்தப் பகுதியில் தொட வேண்டும். தமிழ்க் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு இது பெரிய தடை. பிள்ளை டாக்டருக்குப் படிக்கிறது என்று சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்திருக்கும் வீட்டில், பள்ளியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்பதே முதல் கேள்வியாக எழக்கூடும் என்று மாணவர் அஞ்சுகிறார். அவசர நிலை தவிர மற்ற நேரத்தில் மாணவரைக் கேட்காமல் பெற்றோரை அழைப்பதில்லை என்பது உங்கள் பள்ளியின் கொள்கை என்றால், அதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து தங்கிப் படிப்பவருக்கும் இது பொருந்தும். விசாவைப் பற்றிய கேள்வியை மட்டும் டீன் அலுவலகத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

கடைசி ஒன்றரை நிமிடம் தொடர்பு எண்களுக்கு. எஸ்ஓஎஸ் எனப்படும் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 24 மணிநேர எண் 1767. தேசிய மைண்ட்லைன் 1771. மனநலக் கழகத்தின் உதவி எண் 6389 2222. உயிராபத்து என்றால் 995. இவற்றோடு உங்கள் பல்கலைக்கழக ஆலோசனைச் சேவையின் எண்ணையும் சேருங்கள். நிகழ்ச்சிக்கு முந்திய நாள் ஒருவர் ஒவ்வோர் எண்ணும் இயங்குகிறதா, நேரம் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மேடையில் இரண்டு எண்களை மட்டும் நிறுத்தி நிதானமாக, இருமுறை சொல்லுங்கள். ஐந்தையும் வாசித்தால் ஒன்றும் மனத்தில் நிற்காது. மற்றவை திரையில் இருக்கட்டும். உரை தொடங்கியதிலிருந்து முடியும்வரை அந்தத் திரையை மாற்றாதீர்கள். கடைசி ஸ்லைடில் மட்டும் எண்களைப் போட்டால், கைதட்டலுக்கிடையே அது மறைந்துவிடும். எல்லார் முன்னிலையிலும் கைப்பேசியை உயர்த்திப் படமெடுக்க மாணவர் கூச்சப்படுவார் என்பதால், அன்றே எல்லாருக்கும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

தற்கொலை பற்றிப் பேச நேர்ந்தால்

அந்தச் சொல்லைத் தவிர்க்க வேண்டிய கட்டாயமில்லை. நேரடியாகக் கேட்பதும் பேசுவதும் அந்த எண்ணத்தை ஒருவர் மனத்தில் விதைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். முறையையோ இடத்தையோ சொல்லக்கூடாது. தேர்வில் தோற்றதால், காதல் முறிந்ததால் என்று ஒற்றைக் காரணத்தில் முடித்துவிடக்கூடாது. அமைதி கிடைத்தது, விடுதலை அடைந்தார் என்று அழகுபடுத்தக்கூடாது. நெருக்கடியிலிருந்து உதவி பெற்று மீண்டவர்களைப் பற்றிப் பேசுவது பாதுகாப்பானது, பயனுள்ளதும்கூட.

வெளிநாடுகளிலிருந்து அண்மையில் வந்த ஆசிரியர்கள் சட்டத்தைப் பற்றியும் தெளிவாக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் குற்றமில்லை. குற்றம், தண்டனை என்று தொனிக்கும் சொற்கள் உரையில் எங்கும் வரக்கூடாது.

பள்ளியில் அண்மையில் ஒரு மாணவரை இழந்திருந்தால் நிலைமை வேறு. அந்த உரையைத் துறைத் தலைவர் தனியாக எழுதக்கூடாது. குடும்பத்தினர் எதை வெளியில் சொல்லச் சம்மதித்திருக்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆலோசனைச் சேவை ஒவ்வொரு வரியையும் பார்க்க வேண்டும். அஞ்சலியையும் விழிப்புணர்வு வாரத்தின் தொடக்கத்தையும் ஒரே மேடையில் வைக்காதீர்கள். பலூனும் பரிசுப்பையும் இருக்கும் இடத்தில் துயரத்தைப் பேசினால், நண்பரை இழந்தவர்களுக்கு அது தாங்கமுடியாததாகிவிடும். தேவைப்பட்டால் வாரத்தையே தள்ளிவைக்கலாம்.

வரைவை யார் படிக்க வேண்டும், மண்டபம் எப்படி இருக்க வேண்டும்

மூன்று பேர் படித்தால் போதும். ஆலோசகர் ஒருவர் ரகசியம் பற்றிய வாக்கியங்களையும் சொல்லாட்சியையும் பார்ப்பார். டீன் அலுவலகத்தில் ஒருவர் விடுப்பு, பாண்ட், பதிவு பற்றிய வரிகளைப் பார்ப்பார். நான்காம் அல்லது ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவர், "இது வார்டில் உண்மையிலேயே இப்படி நடக்குமா?" என்ற ஒரே கேள்வியோடு படிக்க வேண்டும். இந்த மூன்றாமவர்தான் மிக முக்கியமானவர். அவர் புருவம் உயர்த்தும் இடத்தில், நீங்கள் சொல்லை மாற்றினால் போதாது; நடைமுறையை மாற்ற வேண்டும்.

மண்டபத்தில் ஆலோசகர் இருவர் பின்வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். விளக்குகளை முழுதாக அணைக்காதீர்கள். பாதியில் எழுந்து போகிறவர் எல்லார் கண்ணிலும் படாமல் போகக்கூடிய ஒரு பக்கக் கதவு திறந்திருக்க வேண்டும். கலங்கிய நிலையில் ஒருவர் வெளியே போனால் ஆலோசகரில் ஒருவர் பின்தொடர்ந்து சென்று நலம் விசாரிப்பார். இன்னொருவர் இடத்திலேயே இருப்பார். பேசுவதற்கு அருகில் ஒரு சிறிய அறையை முன்கூட்டியே பதிவுசெய்து வையுங்கள்.

நேரம் குறிக்கும்போது வெள்ளிக்கிழமை மாலையைத் தவிர்க்கவும். உரையைக் கேட்டு ஒருவர் உதவி தேட முடிவெடுத்தால், அடுத்த இரண்டு நாள் ஆலோசனை அலுவலகம் மூடியிருக்கும். திங்கள் காலையும் வேண்டாம், வார்டு சுற்றில் இருக்கும் மேல்வகுப்பு மாணவர்களால் வர இயலாது. செவ்வாய் அல்லது புதன் மதியம் ஏற்றது. அப்போதும் வரமுடியாதவர்களுக்கு உரையின் நடுப்பகுதியை மட்டும் எழுத்தாக அனுப்புங்கள். காணொளியைவிட அதைத்தான் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள்.

உரைக்கு முன்பே வார்டுக்குப் போக வேண்டிய கடிதம்

இந்த உரைகள் பெரும்பாலும் தோற்பது மேடையில் அல்ல, இரண்டு வாரம் கழித்து வார்டில். தலைவர் அரை நாள் கணக்கில் வராது என்று அறிவித்திருப்பார். ரெஜிஸ்ட்ராருக்கோ போஸ்டிங் ஒருங்கிணைப்பாளருக்கோ அது தெரிந்திருக்காது. மாணவர் கிளம்பும்போது, "எங்கே போறீங்க? என்ன அப்பாயின்ட்மென்ட்?" என்று நோயாளிகளுக்கு நடுவில் கேட்பார். அங்கேயே உறுதிமொழி முறிந்துபோகும். அந்த மாணவர் மட்டுமல்ல, பக்கத்தில் நின்ற மற்றவர்களும் பாடம் கற்றுக்கொள்வார்கள்.

ஆகவே உரைக்கு ஒரு வாரம் முன்பே, மாணவருக்குக் கற்பிக்கும் அனைவருக்கும் துறைத் தலைவர் பெயரில் பத்து வரிக்குள் ஒரு கடிதம் போக வேண்டும். மருத்துவ நியமனத்துக்குப் போகும் மாணவரிடம் காரணம் கேட்க வேண்டாம். நேரம் மட்டும் கேட்கலாம். எம்சி வாங்க வேண்டாம், அலுவலகத்துக்கு அனுப்புங்கள். மதிப்பீட்டில் இதைக் குறிப்பிட வேண்டாம். அதே கடிதத்தில், நோயாளியின் பாதுகாப்புக்கு ஆபத்து வரும் அளவுக்கு ஒரு மாணவர் தடுமாறுவதைக் கண்டால் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். காரணம் கேட்காதே என்று சொல்வதால், கவலைப்படாதே என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. புதிய மேற்பார்வையாளர்கள் சேரும்போதெல்லாம் இந்தக் கடிதம் மீண்டும் போக வேண்டும்.

யாராவது இதை மீறினால் மாணவர் எங்கே சொல்வது என்பதற்கும் ஓர் ஏற்பாடு தேவை. அது மேடையில் எழுந்து நின்ற, மதிப்பீட்டில் பங்கில்லாத அதே ஆளாக இருக்கட்டும். அவர் மாணவரின் பெயரைச் சொல்லாமல், "இந்த வார்டில் வருகைப் பதிவு தவறாகக் குறிக்கப்படுகிறது" என்று மட்டும் துறைத் தலைவரிடம் சொல்வார். தலைவர் அந்த வார்டின் பதிவு முழுவதையும் சரிபார்க்கச் சொல்வார். ஒரே ஒரு பெயரைத் திருத்தச் சொன்னால், அந்தப் பெயர் யாருடையது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.